விறைப்பு மெதுவாக மாறும் சுருள்வில்லின் வீச்சும் கட்டமும்

கேள்வி: "1 கிலோ நிறை, சுருள்வில். ஆரம்பத்தில் k = 4 N/m, அது சீராக ஏறி 60 வினாடியில் 16 N/m ஆகிறது. 10 செ.மீ. இழுத்து விட்டேன், உராய்வு இல்லை. ω(t) = √k(t) தானே என்று x = A cos(ω(t)·t) போட்டால் கணினி விடையோடு கொஞ்சமும் ஒத்துப்போகவில்லை. உராய்வே இல்லாதபோது வீச்சும் 7 செ.மீ.க்கு இறங்குகிறது. எங்கே தப்பு?"

இரண்டு தப்பு இருக்கிறது, இரண்டும் தனித்தனி. கட்டம் ω(t)·t இல்லை, ∫ω dt. வீச்சு மாறிலி இல்லை, அது 1/√ω போல மாறும். கணினி காட்டிய 7 செ.மீ. சரியான விடைதான்.

முதலில் கட்டத்தைப் பார்ப்போம், ஏனென்றால் பெரிய சேதம் அங்கேதான். கோண அதிர்வெண் என்றால் கட்டம் ஏறுகிற வேகம். வேகம் மாறிக்கொண்டே போகும் ஒரு வண்டி எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்று கேட்டால், இப்போதைய வேகத்தை மொத்த நேரத்தால் பெருக்க மாட்டோம். ஒவ்வொரு கணத்திலும் இருந்த வேகத்தைக் கூட்டிக்கொண்டு வருவோம். இங்கேயும் அதேதான். ω(t)·t என்று எழுதினால், கடைசியில் இருக்கும் அதிர்வெண் ஆரம்பத்திலிருந்தே இருந்தது போலக் கணக்கிடுகிறீர்கள். இன்னொரு விதமாகவும் பார்க்கலாம். cos(ω(t)·t) என்ற சார்பின் உண்மையான அதிர்வெண் என்ன என்று அதை வகையிட்டுப் பாருங்கள்: ω + ω'·t வரும். உங்கள் எண்களில் 60-ஆவது வினாடியில் ω = 4, ω' = 0.025, அதனால் அந்தச் சார்பு வினாடிக்கு 5.5 ரேடியன் வேகத்தில் ஆடுகிறது. சுருள்வில் ஆடுவதோ 4-இல். மாற்றம் எவ்வளவு மெதுவாக இருந்தாலும் இந்தத் தப்பு தப்பாகவே இருக்கும், ஏனென்றால் ω' சிறிதாக இருந்தாலும் அதைப் பெருக்கும் t வளர்ந்துகொண்டே போகிறது.

இனி இரண்டு விடைகளும் எங்கிருந்து வருகின்றன என்று காட்டுகிறேன். படிகள் குறைவு, ஆனால் ஒவ்வொன்றும் முக்கியம். நிறை 1 என்பதால் சமன்பாடு x'' + k(t) x = 0. இதில் x = a(t) cos φ(t) என்று எழுதிக்கொள்ளுங்கள், a-வும் φ-யும் இரண்டுமே நேரத்தோடு மாறலாம். இருமுறை வகையிட்டுப் போட்டால் cos φ-யோடு ஒரு கூட்டமும் sin φ-யோடு ஒரு கூட்டமும் வரும்:

```
cos φ :  a'' − a φ'² + k a
sin φ :  −(2 a' φ' + a φ'')
```

x என்ற ஒரே தெரியாத சார்புக்குப் பதிலாக a, φ என்று இரண்டைக் கொண்டுவந்ததால், இரண்டு கூட்டமும் தனித்தனியே பூஜ்ஜியம் என்று கோர நமக்கு உரிமை இருக்கிறது. இரண்டாவதை a-யால் பெருக்கினால் அது (a²φ')' = 0 ஆகிவிடும், அதாவது a²φ' மாறிலி. இதுவரை தோராயம் எதுவும் செய்யவில்லை என்பதைக் கவனியுங்கள். முதல் கூட்டத்திலிருந்து வருவது

```
φ'² = k + a''/a
```

இதுவும் துல்லியமானதே. தோராயம் நுழைவது ஒரே ஒரு இடத்தில்: விறைப்பு மெதுவாக மாறினால் வீச்சும் மெதுவாக மாறும், அதன் இரண்டாம் வகைக்கெழு இன்னும் சிறியது, அதனால் a''/a-வை k-யின் பக்கத்தில் விட்டுவிடலாம். விட்டால் φ' = √k = ω, அதைத் தொகையிட்டால் கட்டம். a²ω மாறிலி என்பதால் a ∝ 1/√ω, அதுதான் வீச்சு. இந்தத் தோராயத்தை லியூவில், கிரீன் இருவரும் 1837-லேயே எழுதிவிட்டார்கள். குவாண்டம் இயக்கவியலில் 1926-இல் வெண்ட்ஸெல், கிராமர்ஸ், பிரில்லுவான் மூவரும் பயன்படுத்தியபின் அவர்கள் பெயரின் முதலெழுத்துகளால் WKB என்று ஆனது. பாடப்புத்தகங்கள் பலவும் இதை அடுக்குக்குறித் தொடராக எழுதி ஆரம்பிக்கும். எனக்கு மேலே உள்ள வழிதான் பிடிக்கும், ஏனென்றால் எதைத் தூக்கிப் போட்டோம் என்பது கண்ணெதிரே இருக்கிறது, பிறகு அதே உறுப்பை எடுத்து வைத்துப் பிழையை அளக்கலாம்.

சரி, உங்கள் எண்களைப் போடுவோம். k = 4 + 0.2t. ω 2-இலிருந்து 4 ஆகிறது, இரண்டு மடங்கு. எனவே வீச்சு 1/√2 மடங்கு: 10 செ.மீ. 7.07 செ.மீ. ஆகிறது. கட்டத்துக்கு √(4 + 0.2t)-ஐ 0-விலிருந்து 60 வரை தொகையிட வேண்டும்; (10/3)k^(3/2) என்பதன் இரு முனை வித்தியாசம், அதாவது (10/3)(64 − 8) = 186.67 ரேடியன். 2π-யால் வகுத்தால் 29.7 அலைவுகள். நீங்கள் போட்டது 4 × 60 = 240 ரேடியன், 38.2 அலைவுகள். எட்டரை அலைவு கூடுதல். வரைபடத்தில் இரண்டையும் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்தால் முதல் சில வினாடி கொஞ்சம் ஒத்துப்போவது போலத் தெரியும், அப்புறம் எந்தத் தொடர்பும் இருக்காது.

ஆரம்ப நிபந்தனையில் ஒரு சின்ன நுணுக்கம் உண்டு. ஓய்விலிருந்து விடுகிறீர்கள், வேகம் 0. ஆனால் a குறைந்துகொண்டே வருவதால் φ = 0 என்று வைத்தால் ஆரம்ப வேகம் பூஜ்ஜியமாக வராது, a' மிச்சம் நிற்கும். அதைச் சரிக்கட்ட ஆரம்பக் கட்டத்தை tan δ = −ω'/(2ω²) என்று எடுக்க வேண்டும். t = 0-இல் ω' = 0.05, ω² = 4, எனவே δ = −0.00625 ரேடியன். சின்னதுதான், ஆனால் மூன்றாம் இலக்கம் வரை ஒத்துப்பார்க்க நினைத்தால் இது தேவைப்படும்.

நாம் விட்டுவிட்ட a''/a எவ்வளவு பெரியது? a = k^(-1/4) என்று வைத்து வகையிட்டால், k நேர்கோடாக ஏறும்போது a''/a = (5/16)(k'/k)² வரும். அது φ'-க்குக் கூட்டுவது (5/32) k'²/k^(5/2). இதை 60 வினாடிக்கும் தொகையிட்டால் 0.0023 ரேடியன். மொத்தம் 186.67-இல் இவ்வளவுதான் பிழை. இதையும் δ-வையும் சேர்த்தால் கடைசிக் கட்டம் 186.663, அதன் கொசைன் −0.259, எனவே 60-ஆவது வினாடியில் x = −1.83 செ.மீ. உங்கள் சூத்திரம் அதே நேரத்தில் +3.26 செ.மீ. காட்டியிருக்கும், குறியே மாறுகிறது.

கணினியில் இதை இப்படிச் சரிபார்க்கலாம்:

```python
import numpy as np
from scipy.integrate import solve_ivp

k = lambda t: 4 + 0.2*t
f = lambda t, y: [y[1], -k(t)*y[0]]
s = solve_ivp(f, (0, 60), [0.1, 0],
              rtol=1e-10, atol=1e-12)
x, v = s.y
kt = k(s.t)
J = (0.5*v**2 + 0.5*kt*x**2) / np.sqrt(kt)
print(x[-1], J.min(), J.max())
```

`rtol`-ஐ நான் வேண்டுமென்றே இறுக்கியிருக்கிறேன். `solve_ivp`-இல் அது இயல்பாக 1e-3. முப்பது அலைவு ஓடும் கணக்குக்கு அது போதாது, வீச்சிலும் கட்டத்திலும் கணினியே ஒரு பிழையைச் சேர்த்துவிடும், அதைப் பார்த்துச் சூத்திரம் தப்பு என்று நினைப்பீர்கள். சந்தேகம் வந்தால் k-ஐ மாறிலியாக வைத்து ஒரு முறை ஓட்டுங்கள். அப்போதும் வீச்சு நகர்ந்தால் குற்றம் தொகையிடும் முறையில்தான். ஆய்லர் முறையை நேரடியாக எழுதியிருந்தால் மாறாத சுருள்வில்லுக்கே ஆற்றல் ஏறிக்கொண்டு போவதைப் பார்க்கலாம்.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்வி, உராய்வு இல்லாமல் வீச்சு ஏன் குறைகிறது என்பது. இதில் ஒளிந்திருக்கும் அனுமானம், உராய்வு இல்லாவிட்டால் ஆற்றல் மாறாது என்பது. இங்கே மாறுகிறது. ஆரம்பத்தில் ½·4·(0.1)² = 0.02 ஜூல். கடைசியில் ½·16·(0.0707)² = 0.04 ஜூல். வீச்சு குறைந்தும் ஆற்றல் இரண்டு மடங்கு ஆகியிருக்கிறது! இழுபட்டோ அமுங்கியோ இருக்கும் சுருள்வில்லை விறைப்பாக்குகிறவர் அதன்மேல் வேலை செய்கிறார், அந்த வேலையின் வேகம் ½k'x². மெதுவான மாற்றத்தில் ஓர் அலைவுக்குள் k' ஏறக்குறைய மாறாது, x²-இன் சராசரி a²/2, அதனால் ஆற்றல் ஏறும் வேகம் k'a²/4. E = ½ka² என்பதால் இதையே E' = (k'/2k)·E என்று எழுதலாம். இதைத் தொகையிட்டால் E ∝ √k, அதாவது E ∝ ω. மேலே கிடைத்த a²ω மாறிலி என்பதும் இதுவும் ஒரே செய்தி. E/ω மாறாது. 1911-இல் நடந்த முதல் சால்வே மாநாட்டில் லோரென்ட்ஸ், ஆடும் ஊசலின் கயிற்றைக் குறுக்கினால் என்ன ஆகும் என்று கேட்க, மெதுவாகக் குறுக்கினால் ஆற்றலுக்கும் அதிர்வெண்ணுக்கும் உள்ள விகிதம் மாறாது என்று ஐன்ஸ்டைன் சொன்ன பதில் இதுதான்.

இதை மனத்தில் பதியவைக்க நான் ஒரு சின்னச் சோதனையைச் சொல்வேன். மெதுவாக மாற்றாமல், 4-இலிருந்து 16-க்கு ஒரே கணத்தில் மாற்றுங்கள். நிறை நடுவில் x = 0-ஐக் கடக்கும் கணத்தில் மாற்றினால் சுருள்வில் அப்போது தளர்ந்திருக்கிறது, வேலை எதுவும் நடக்காது, ஆற்றல் அப்படியே; வீச்சு பாதியாகும். அதே மாற்றத்தை நிறை கடைசி முனையில் நிற்கும்போது செய்தால் வீச்சு அப்படியே; ஆற்றல் நாலு மடங்காகும். ஆக வீச்சு 1/2 மடங்காகலாம், 1 மடங்காகவும் இருக்கலாம், எந்தக் கணத்தில் கை வைத்தோம் என்பதைப் பொறுத்தது. மெதுவான மாற்றம் எல்லாக் கணங்களிலும் சமமாகக் கை வைக்கிறது, அதன் விடை 1/√2, அந்த இரண்டுக்கும் சரியாகப் பெருக்குச் சராசரி.

மேலே உள்ள நிரலில் J என்பது E/ω. அது 0.01-ஐச் சுற்றி நிற்கும், ஆனால் கோடு போட்டது போல நிற்காது. ஆரம்பத்தில் இரு பக்கமும் 0.6 சதவீதம் அளவுக்குச் சிற்றலை போல ஏறி இறங்கும், போகப் போக அது சிறுத்து கடைசியில் 0.08 சதவீதம் ஆகும். அந்தச் சிற்றலையைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அதன் அளவு ω'/(2ω²), அது ஒவ்வொரு அரை அலைவுக்கும் ஒரு முறை ஏறி இறங்கும், ஏனென்றால் முனைக்குப் பக்கத்தில் நிறை இருக்கும்போது வேலை அதிகம், நடுவில் குறைவு. பார்க்க வேண்டியது, அதன் நடுக்கோடு நகர்கிறதா என்பதை. நகர்ந்தால்தான் பிரச்சினை.

எவ்வளவு மெதுவாக இருந்தால் போதும்? வழக்கமாகச் சொல்லும் அளவு ω'/ω². ஒரு ரேடியன் ஆடும் நேரத்துக்குள் ω எத்தனை பங்கு மாறுகிறது என்பதுதான் அது. உங்கள் கணக்கில் அது ஆரம்பத்தில் 0.0125, கடைசியில் 0.0016. தாராளமாகப் போதும். ஆனால் இந்த விகிதம் சின்னதாக இருந்தாலே எல்லாம் சரி என்று நம்பிவிடக் கூடாது, இதில் பலர் வழுக்குவதைப் பார்த்திருக்கிறேன். k சராசரியாக 4, அதன்மேல் 10 சதவீதம் மட்டும் cos(4t) போல ஏறி இறங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ω'/ω² எப்போதும் 0.1 அளவைத் தாண்டாது, சின்னதுதான். WKB கணக்குப்படி வீச்சு இரண்டரை சதவீதம் ஆடிவிட்டுப் போக வேண்டும். உண்மையில் அது அடுக்குக்குறியாக வளரும், சுமார் 20 வினாடிக்கு ஒரு முறை e மடங்கு. ஏன்? 4 என்பது அலைவின் அதிர்வெண் 2-இன் இரு மடங்கு. k-யின் மாற்றம் ஒவ்வொரு அலைவிலும் ஒரே கட்டத்தில் வந்து விழுகிறது, அதனால் மேலே சொன்ன சராசரி எடுக்கும் வேலை நடப்பதே இல்லை. மாற்றத்தின் அளவு சிறியதாக இருக்கிறது, ஆனால் அது மெதுவாக இல்லை.

அதனால் நான் பார்க்கும் அளவு வேறு. விட்டுவிட்ட உறுப்பையே எடுத்து, a = ω^(-1/2) என்று வைத்து, |a·a''|-ஐ முழு நேரத்துக்கும் தொகையிடுங்கள். அது 1-ஐவிட நன்றாகச் சிறியதாக இருந்தால் தோராயத்தை நம்பலாம். உங்கள் கணக்கில் அது 0.0046, அதாவது மேலே வந்த கட்டப் பிழைக்கு இரு மடங்கு. ஏறி இறங்கும் k-க்கு இந்தத் தொகை நேரத்தோடு வளர்ந்துகொண்டே போய், மேலே சொன்ன எண்களில் பத்து வினாடியை நெருங்கும்போதே 1-ஐத் தாண்டிவிடும், அதுதான் எச்சரிக்கை.

இன்னொரு இடத்தில் கவனமாக இருங்கள்: a ∝ 1/√ω என்பது நிறை மாறாதபோது, சமன்பாடு x'' + k x = 0 என்ற வடிவில் இருக்கும்போது மட்டும். ஊசலின் கயிற்றை மெதுவாக நீட்டும்போது கோணத்துக்கு இதை அப்படியே போட்டால் விடை தலைகீழாகும். ω ∝ l^(-1/2) என்பதால் கோண வீச்சு l^(1/4) போல ஏறும் என்று வரும், உண்மையில் அது குறையும். அங்கே நிறையின் இடத்தில் இருப்பது ml², அதுவும் மாறுகிறது. E/ω-வைப் பிடித்துக்கொண்டால் தப்பு வராது: ஆற்றல் ½ml²ω²θ², அதை ω-வால் வகுத்தால் l²·l^(-1/2)·θ² மாறிலி, எனவே θ ∝ l^(-3/4). கயிறு இரு மடங்கு நீண்டால் கோணம் 0.59 மடங்காகும். லேசான உராய்வு இருந்தால் e^(−γt) ஒன்றைக் கூடப் பெருக்கிக்கொள்ளுங்கள், இங்கே γ என்பது x''+2γx'+kx = 0-இல் வருவது.

கடைசியாக, விறைப்பை ஏற்றாமல் இறக்கினால் என்ன ஆகும் என்பது. k = 4 − 0.2t என்று வையுங்கள், 20-ஆவது வினாடியில் பூஜ்ஜியம். சூத்திரப்படி வீச்சு முடிவிலிக்குப் போகும். சுருள்வில் அப்படிப் போகாது, தோல்வி சூத்திரத்துக்குத்தான். ω'/ω²-இன் அளவு 15-ஆவது வினாடியில் 0.1, பூஜ்ஜியத்துக்கு 1.7 வினாடி முன்னால் 0.5. இந்த 1.7 என்பது |k'|^(-1/3), இந்தச் சிக்கலுக்கே உரிய நேர அளவு. அந்த எல்லைக்குள் WKB-ஐப் பயன்படுத்தக் கூடாது. நல்லவேளையாக k நேர்கோடாக இறங்கும்போது துல்லியமான விடையே ஏய்ரி சார்புகளாக இருக்கிறது, அதைக் கொண்டு இரு பக்கத்தையும் இணைக்கலாம். k எதிர்க்குறிக்குப் போனபின் அலைவு கிடையாது, நிறை நடுவைவிட்டு ஒரே பக்கமாக விலகி ஓடும். எந்தப் பக்கம் ஓடும் என்பதை முடிவு செய்வது 20-ஆவது வினாடி வரை சேர்ந்த கட்டம். ஆரம்பத்தில் வீச்சை எவ்வளவு வைத்தீர்கள் என்பது ஓடும் தூரத்தை மட்டும்தான் மாற்றும், திசையை மாற்றாது. அதனால் அங்கே கட்டத்தை ω(t)·t என்று போட்டுவிட்டால் நிறை இடப்பக்கம் போகுமா வலப்பக்கம் போகுமா என்பதைக்கூட அந்தக் கணக்கை நம்பிச் சொல்ல முடியாது.